அடித்த பைலும் ஆறிய மண்ணும்

பாலம் கட்டும் இடத்திலும் துறைமுகம் அமைக்கும் இடத்திலும் நீண்ட கம்பங்களைப் பூமிக்குள் அடித்து இறக்குவதை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். மரத்தாலோ, இரும்பாலோ, கான்கிரீட்டாலோ செய்யப்பட்ட அக்கம்பத்திற்குப் பைல் என்று பெயர். உயரத்திலிருந்து கனமான சம்மட்டி அதன் தலையில் விழுகிறது. விழுந்தோறும் பைல் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகிறது. முதலில் ஓரடிக்குப் பல அங்குலம் இறங்கும். போகப் போக இறக்கம் குறையும். ஒரு கட்டத்தில் மேற்பார்வையாளர் கையைக் காட்டுவார், சம்மட்டி நின்றுவிடும். கடைசிச் சில அடிகளில் பைல் எத்தனை அங்குலம் இறங்கியது என்பதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். இந்தப் பைல் எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்று அந்த எண்ணைக்கொண்டு கணக்கிடுவார்கள்.

இப்போது ஒரு கேள்வி. அன்று மாலை அளந்த அந்தத் தாங்கும் வலிமைதான், பத்து நாள் கழித்து அந்தப் பைலுக்கு இருக்கும் வலிமையா? பைலை யாரும் தொடவில்லை, நீட்டவில்லை, வெட்டவில்லை. ஆயினும் பத்து நாள் கழித்து அளந்தால் வலிமை மாறியிருக்கும். சில இடங்களில் பல மடங்கு பெருகியிருக்கும். வேறு சில இடங்களில் குறைந்தும் இருக்கும். இந்த மாற்றம் ஏன் நேர்கிறது, அதை எப்படிக் கண்டறிவது என்பதே இன்றைய பேச்சு.

பைல் பாரத்தைத் தாங்குவது இரண்டு வழிகளில். ஒன்று, அதன் நுனி உறுதியான மண்ணிலோ பாறையிலோ ஊன்றி நிற்பது. இதை முனைத் தாங்கல் எனலாம். மற்றொன்று, பைலின் பக்கங்களை மண் சுற்றிலும் அழுத்திப் பற்றிக்கொள்வது. இதைப் பக்க உராய்வு எனலாம். சுவரில் அடித்த ஆணியைப் பிடித்திழுக்கும்போது வராமல் நிற்கிறதே, அது பக்க உராய்வின் வேலை. மிருதுவான களிமண்ணில் இறக்கிய பைல், பெரும்பாலும் இந்த உராய்வை நம்பியே நிற்கிறது.

சம்மட்டி அடியைக்கொண்டு வலிமையைக் கணக்கிடும் முறை பழமையானது. 1888-ஆம் ஆண்டில் வெல்லிங்டன் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஓர் எளிய சூத்திரத்தை வெளியிட்டார். அதன் கருத்து இதுதான்: சம்மட்டி விழும்போது ஒரு வேலையைச் செய்கிறது, அந்த வேலை, மண்ணின் எதிர்ப்பை மீறிப் பைலைக் கீழே தள்ளுவதில் செலவாகிறது. ஆகவே, இறக்கம் குறைவாயின் எதிர்ப்பு மிகுதி. கணக்கும் சுலபம். சம்மட்டியின் எடையை டன்னிலும், அது விழும் உயரத்தை அடியிலும் எடுத்து இரண்டையும் பெருக்குங்கள்; வந்ததை இரட்டியுங்கள். பிறகு, ஓர் அடிக்கு ஏற்படும் இறக்கத்தை அங்குலத்தில் எடுத்து, அதனோடு ஒன்று கூட்டி, அந்தத் தொகையால் வகுங்கள். விடை, பைலின்மேல் அச்சமின்றி ஏற்றத்தக்க பாரம். ஆறு மடங்கு பாதுகாப்பு இருக்கும்படி சூத்திரம் அமைந்திருக்கிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். சம்மட்டி 2 டன். விழும் உயரம் 3 அடி. இரண்டையும் பெருக்கி இரட்டித்தால் 12. மிருதுவான களிமண்ணில் பைலை இறக்குகிறோம். கடைசியில்கூட ஓர் அடிக்கு 2 அங்குலம் இறங்குகிறது. இரண்டோடு ஒன்று கூட்டினால் மூன்று. 12-ஐ மூன்றால் வகுத்தால் 4 டன். எங்களுக்கு வேண்டியதோ 9 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறியாளர் என்ன செய்வார்? பைல் போதவில்லை, இன்னொரு துண்டை ஒட்டி மேலும் ஆழத்திற்கு அடியுங்கள் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் அவசரப்படாமல் இரண்டு வாரம் பொறுத்து, அதே சம்மட்டியை அதே உயரத்திலிருந்து மறுபடியும் போட்டுப் பார்க்கிறார். இப்போது பைல் கால் அங்குலந்தான் இறங்குகிறது. 12-ஐ ஒன்றேகாலால் வகுத்தால் 9.6 டன். அதே பைல், அதே ஆழம், அதே சம்மட்டி; விடை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் மாறிவிட்டது.

இதில் பிழை சூத்திரத்தின் பெருக்கலிலும் வகுத்தலிலும் இல்லை. சம்மட்டி விழும் அந்தக் கணத்தில் மண் காட்டிய எதிர்ப்பை அது நமக்குச் சொல்லியது. பிற்காலத்தில் மண் காட்டப்போகும் எதிர்ப்பு வேறு. அடிபடும்போது உள்ள மண்ணும், ஆறிய பிறகு உள்ள மண்ணும் ஒன்றல்ல.

பைல் அடிக்கும் தொழிலாளிகள் இதை அனுபவத்தால் வெகுகாலமாகவே அறிவார்கள். மாலையில் பாதி இறக்கி நிறுத்திய பைல், மறுநாள் காலையில் எத்தனை அடித்தாலும் அசைய மறுக்கும். இரவு முழுவதும் மண் பைலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது என்பார்கள். ஆங்கிலப் பொறியாளர்கள் இதற்கு மண் உறைதல் என்னும் பொருளில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குளிரால் உறைவதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. இப்போது இதைச் செட்-அப் என்று சொல்கிறார்கள். நாம் இறுக்கம் ஏறுதல் என்று சொல்வோம். இதற்கு எதிரானதை, அதாவது நாளாக ஆக வலிமை குறைவதை, ரிலாக்ஸேஷன் என்கிறார்கள். நாம் தளர்ச்சி என்போம்.

இவ்விரண்டுக்கும் காரணம் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர். அதை விளங்கிக்கொள்ள மண்ணின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். மண் என்பது துகள்களும், துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளும் சேர்ந்தது. நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே அந்த இடைவெளிகள் யாவும் நீரால் நிரம்பியிருக்கும். மேலே உள்ள பாரத்தைத் துகளும் நீரும் பங்கிட்டுக்கொள்கின்றன. துகளோடு துகள் அழுந்தும் பங்குதான் உராய்வைத் தரும். நீர் தாங்கும் பங்கு உராய்வைத் தராது. ஏனெனில் நீருக்குப் பற்றும் குணம் இல்லை. மொத்த அழுத்தத்திலிருந்து நீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதே துகள்களின் அழுத்தம். மண்ணின் வலிமை அதைப் பொறுத்தது. மண்ணியலுக்கு அடிப்படையான இந்தக் கருத்தைக் கார்ல் டெர்சாகி என்னும் அறிஞர் நிலைநாட்டினார். 1925-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கே தொடக்கம் என்று கருதப்படுகிறது.

நான் வசிக்கும் போத்தனூர்ப் பக்கத்தில் கிணறு வெட்டினால், மேல்மண்ணைத் தாண்டியதும் சிதைந்த பாறையும் அதன்கீழ்க் கெட்டிப் பாறையும் வந்துவிடும். இங்கே கம்பத்தை அடித்து இறக்குவதற்கு அவசியம் பெரும்பாலும் நேர்வதில்லை. மேம்பாலங்களுக்கு வேண்டியபோதும் துளையிட்டு, அதில் கம்பி இறக்கிக் கான்கிரீட் வார்ப்பதே வழக்கம். ஆனால் போத்தனூர்ச் சந்திப்பில் ரயிலேறி, பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து, கொச்சிக்குப் போய் இறங்கினால் காட்சி மாறிவிடும். அங்கே பல மீட்டர் கனத்திற்குக் கடற்களிமண் படிந்திருக்கிறது. நீர் ஊறிய, விரலால் அழுத்தினால் குழியும் மண் அது. ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் கொச்சித் துறைமுகம் உருவானபோது, தூர்வாரிய மண்ணைக் கொட்டி வில்லிங்டன் தீவை எழுப்பியது இத்தகைய பூமியில்தான். இப்படிப்பட்ட களிமண்ணில் ஒரு பைலை அடித்து இறக்கினால் உள்ளே என்ன நடக்கிறது?

பைல் உள்ளே நுழையும்போது, தன் பருமன் அளவுக்கு மண்ணைப் பக்கங்களில் ஒதுக்கித் தள்ளுகிறது. அந்த மண்ணில் உள்ள நீர் உடனே விலகிச் செல்ல முடியாது. களிமண்ணின் துவாரங்கள் மிக நுண்ணியவை; அவற்றின் வழியே நீர் கசிவதற்கு நாட்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். ஆகவே பைல் தந்த நெருக்கம் அனைத்தையும் முதலில் நீரே ஏற்றுக்கொள்கிறது. நீரின் அழுத்தம் திடீரென்று உயர்கிறது. நீரின் பங்கு உயர்ந்தால் துகள்களின் பங்கு குறைந்துவிடும். அதோடு, பைலை ஒட்டியுள்ள களிமண் பிசையப்பட்டு, இயற்கையாக அமைந்திருந்த கட்டுக்கோப்பை இழந்துவிடுகிறது. குயவர் மிதித்த மண் குழைந்து கிடப்பதுபோல, பைலைச் சுற்றி ஒரு குழைந்த உறை உண்டாகிறது. அதனால்தான் அடிக்கும்போது பைல் எளிதில் இறங்குகிறது.

சம்மட்டி நின்றதும் நீர் மெல்ல மெல்ல வெளிநோக்கிக் கசியத் தொடங்குகிறது. பைலின் அருகே அழுத்தம் அதிகம், தூரத்தில் குறைவு. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு நீர் செல்வது இயல்பு. நீர் விலக விலக, அது தாங்கிய பாரம் துகள்களின்மேல் வந்து சேர்கிறது. துகள்கள் நெருங்கிப் பைலை அழுத்துகின்றன. குழைந்த உறை நீர் வற்றி இறுகுகிறது; சில வேளைகளில் முன்பிருந்ததைவிட உறுதியாகவும் ஆகிவிடுகிறது. இதுவே இறுக்கம் ஏறுதலின் முதற் காரணம்.

இதை நேரில் அளந்து காட்டிய ஒரு பரிசோதனை உண்டு. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கரையில் உள்ள சேறு, கொச்சியின் மண்ணைப்போலவே மிருதுவான கடற்களிமண். போல்டன் ஸீட், லைமன் ரீஸ் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் அதில் 6 அங்குல விட்டமுள்ள ஓர் இரும்புக் குழாய்ப் பைலைச் சுமார் 20 அடி ஆழத்திற்கு இறக்கினார்கள். பைலை ஒட்டிய நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளையும் பொருத்தினார்கள். இறக்கிச் சுமார் மூன்று மணி நேரத்தில் முதல் தடவை அதன்மேல் பாரம் ஏற்றி, எவ்வளவில் அது சரிகிறது என்று பார்த்தார்கள். பிறகு, இடைவெளி விட்டு இடைவெளி விட்டு அதே பைலின்மேல் அதே சோதனையைச் செய்தார்கள். கடைசிச் சோதனை 33-ஆம் நாள். அன்று அந்தப் பைல் தாங்கியது, முதல் நாள் தாங்கியதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல். மறுபுறம், நீரின் அழுத்தம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்திருந்தது. இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால், ஒன்று இறங்க இறங்க மற்றொன்று ஏறுவதைக் காணலாம். 1957-இல் அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தின் வெளியீட்டில் இது அச்சாயிற்று.

மாணவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்தப் பைலின் விட்டம் ஆறே அங்குலம். அதனால்தான் ஒரு மாதத்தில் காரியம் பெரும்பாலும் முடிந்தது. பைல் பருத்தால் கலங்கும் மண்ணின் பரப்பும் அகலும்; நீர் கசிந்து செல்லவேண்டிய தூரமும் கூடும். கசிவுக்கு வேண்டிய காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் இரண்டு மடங்கானால் காலம் நான்கு மடங்காகும். அதே சேற்றில் 12 அங்குலப் பைலுக்கு ஏறக்குறைய நான்கு மாதமும், 24 அங்குலப் பைலுக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும் என்று எதிர்பார்க்கலாம். ஆகவே, சிறிய பைல் ஒன்றை ஒரு வாரத்தில் சோதித்துக் கண்ட முடிவைப் பெரிய பைலுக்கு அப்படியே பொருத்திப் பார்ப்பது தவறு.

நீரின் அழுத்தம் முற்றிலும் தணிந்த பிறகும் வலிமை சிறிது சிறிதாக ஏறுவது உண்டு. மணலில்கூட, நீர் உடனே விலகிவிட்டாலும், துகள்கள் காலப்போக்கில் இடம் மாறி அமர்ந்து பைலை மேலும் நெருக்குகின்றன. 1988-இல் ஸ்கோவ், டென்வர் என்னும் இருவர் பல இடங்களின் அளவுகளைத் திரட்டி ஓர் எளிய விதியைக் கூறினார்கள். வலிமை, நாட்களின் எண்ணிக்கையோடு நேராக ஏறுவதில்லை. காலம் பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு ஏறுகிறது. களிமண்ணுக்கு அந்த ஏற்றம், முதல் நாள் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. முதல் நாள் 100 டன் தாங்கும் பைல், 10-ஆம் நாளில் 160 டன்னும், 100-ஆம் நாளில் 220 டன்னும் தாங்கும் என்பது இதன் பொருள். முதல் ஒன்பது நாட்களில் கிடைத்த அதே 60 டன்னை மறுபடியும் பெற, தொண்ணூறு நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மணலுக்கு ஏற்றம் பத்தில் இரண்டு பங்கு அளவில் குறைவு. இவை அனுபவத்தில் திரட்டிய எண்களே. ஓர் இடத்து மண்ணுக்கு உரிய எண்ணை அந்த இடத்தில் சோதித்தே அறிய வேண்டும். எல்லையின்றி ஏறிக்கொண்டே போகும் என்று இந்த விதியை நீட்டவும் கூடாது.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. இனி எச்சரிக்கைக்குரிய பகுதிக்கு வருவோம். நெருக்கமாகப் படிந்த நுண்மணலிலும், களியின் பசை இல்லாத நுண்துகள் மண்ணிலும், நீர்மட்டத்திற்குக் கீழே பைலை அடித்தால் இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி நடக்கக்கூடும். அதற்குக் காரணம், நெருங்கிக் கிடக்கும் மணலின் ஒரு விசித்திரமான குணம்.

பள்ளிக்கூடத்தில் நான் இதைக் காட்டுவதற்கு ஒரு பழைய உபாயத்தைக் கையாள்வதுண்டு. பந்தின் உள்ளிருக்கும் ரப்பர்ப் பை ஒன்றை எடுத்து, அதில் மணலைப் போட்டுத் தட்டித் தட்டி நெருக்கமாக நிரப்புவேன். காற்று சிறிதும் இல்லாதபடி தண்ணீர் ஊற்றுவேன். வாயில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி இறுகக் கட்டி, குழாயின் பாதி உயரத்திற்குச் சிவப்புச் சாயம் கலந்த நீர் நிற்கும்படி செய்வேன். பையைக் கையால் அழுத்தினால் குழாயில் நீர் ஏறுமா, இறங்குமா என்று கேட்டால், வகுப்பு முழுவதும் ஒரே குரலாக, ஏறும் என்று சொல்லும். அழுத்திக் காட்டினால் நீர் கீழே இறங்கும். பிள்ளைகள் எழுந்து நின்று, ஐயா, இன்னொரு தரம், இன்னொரு தரம் என்பார்கள்.

காரணம் இதுதான். நெருங்கி அடுக்கிய துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று நகர வேண்டுமானால், பக்கத்துத் துகளின் முதுகின்மேல் ஏறித்தான் நகர வேண்டும். அப்போது இடைவெளிகள் பெரிதாகின்றன. அவற்றை நிரப்ப நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கடற்கரையின் ஈர மணலில் காலை ஊன்றினால் பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் உலர்ந்து வெளுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதுவே. ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் விஞ்ஞானி 1885-இல் இந்தக் குணத்தை விளக்கினார்.

இப்போது பைலின் நுனிக்குக் கீழே உள்ள நெருக்கமான நுண்மணலை நினைத்துப் பாருங்கள். சம்மட்டி விழுகிறது, துகள்கள் நகர்கின்றன, இடைவெளிகள் விரிகின்றன. ஆனால் துகள்கள் மிக நுண்ணியவையாதலால் நீர் அக்கணத்தில் வந்து நிரம்ப முடிவதில்லை. ஆகவே உள்ளே நீரின் அழுத்தம் இயல்புக்குக் கீழே போய்விடுகிறது. நீரின் பங்கு குறைந்தால் துகள்களின் பங்கு கூடும். மண் உள்ளதைவிட உறுதியானதுபோல் காட்சி தருகிறது. பைல் இறங்க மறுக்கிறது. மேற்பார்வையாளர் மகிழ்ந்து, போதும் என்று கையைக் காட்டுகிறார். அதன் பிறகு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சுற்றிலுமிருந்து நீர் வந்து நிரம்புகிறது, அழுத்தம் சமனாகிறது, இரவல் வாங்கிய உறுதி போய்விடுகிறது.

நம் பழைய சம்மட்டியைக்கொண்டே கணக்கிட்டால், அடித்து முடிக்கும்போது இறக்கம் ஓர் அடிக்கு 0.2 அங்குலம், 12-ஐ 1.2-ஆல் வகுக்க 10 டன். ஒரு வாரம் கழித்து அடித்தால் இறக்கம் அரை அங்குலம். 12-ஐ ஒன்றரையால் வகுக்க 8 டன். ஐந்தில் ஒரு பங்கு மறைந்துவிட்டது. நீரைத் தவிர வேறு காரணங்களாலும் தளர்ச்சி வரும். களிப்பாறை என்னும் அடுக்குப் பாறையில், அதிலும் சிதைந்த பாறையில், நுனி ஊன்றும்போது உண்டாகும் கடும் நெருக்கம் பிற்பாடு பாறை பிளந்தும் இளகியும் தணிந்துவிடுவது உண்டு. தளர்ச்சி பெரும்பாலும் நுனியைத் தாக்கும் நோய்; இறுக்கம் ஏறுதல் பெரும்பாலும் பக்கங்களுக்குக் கிடைக்கும் பலன். ஒரே பைலில் இரண்டும் சேர்ந்து நடப்பதும் உண்டு. அப்போது அளவில் தெரிவது இரண்டின் கூட்டுத்தொகையே.

இவற்றைக் கண்டறியும் வழி, மறுபடியும் அடித்துப் பார்ப்பது. இதை மறு அடி எனலாம். கேட்கச் சுலபமாயினும், செய்வதில் சில நுட்பங்கள் உள்ளன. முதலாவது, அடித்து முடித்த நேரத்தையும் கடைசி அடிகளின் இறக்கத்தையும் குறித்துவைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஒப்பிடுவதற்கே ஒன்றும் இல்லை. இரண்டாவது, நாட்கள் சென்று அதே சம்மட்டியைக் கொண்டுவர வேண்டும். டீசலில் ஓடும் சம்மட்டியானால், அதை வேறு ஒரு பைலின்மேல் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த சம்மட்டி முழு பலத்தோடு அடிக்காது. மூன்றாவது, முதற் சில அடிகளின் இறக்கத்தை ஒவ்வொன்றாகத் தனித்தனியே அளக்க வேண்டும். ஏனென்றால் அடி விழ விழ மண் மறுபடியும் கலங்கி, ஏறிய இறுக்கம் இறங்கத் தொடங்கிவிடும். ஐம்பது அடி அடித்துச் சராசரி எடுத்தால், நாம் தேடி வந்த பொருளை நாமே அழித்துவிட்டு அளந்ததாகும்.

நான்காவது நுட்பம், மாணவர்கள் மறக்கக்கூடாதது. மண் மிகவும் இறுகிவிட்டால், சம்மட்டியால் பைலை அசைக்கவே முடியாமற் போகும். அப்போது கிடைக்கும் எண் பைலின் முழு வலிமை அன்று. சம்மட்டியால் எழுப்ப முடிந்த அளவு மட்டுமே. உண்மை வலிமை அதற்கு மேல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லலாம்.

இக்காலத்தில் இறக்கத்தை மட்டும் பார்த்து நின்றுவிடுவதில்லை. பைலின் தலைக்குச் சற்றுக் கீழே, அதன் சுருக்கத்தை அளக்கும் கருவியையும் வேக மாற்றத்தை அளக்கும் கருவியையும் பொருத்துகிறார்கள். அடி விழுந்ததும் ஓர் அலை பைலின் வழியே கீழே ஓடி, நுனியில் மோதித் திரும்புகிறது. பக்கத்து மண் எங்கெங்கே எவ்வளவு பற்றுகிறதோ அந்தச் செய்தியையும் அலை சுமந்து வருகிறது. அதை ஆராய்ந்து பக்க உராய்வு எவ்வளவு, முனைத் தாங்கல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். 1960-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் நடந்த ஆராய்ச்சியில் விளைந்த முறை இது. அடித்து முடித்த நாளில் ஒரு தடவையும், மறு அடியின்போது ஒரு தடவையும் இப்படி அளந்தால், ஏறியது பக்கத்திலா, குறைந்தது நுனியிலா என்பது விளங்கிவிடும்.

இதற்கெல்லாம் மேலாக, பைலின்மேல் உண்மையாகவே படிப்படியாகப் பாரத்தை ஏற்றி அது எவ்வளவு அமிழ்கிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. நம் நாட்டின் ஐ.எஸ். 2911 என்னும் தர விதியின் நான்காம் பகுதி இந்தச் சுமைச் சோதனையைப் பற்றியது. இதற்குச் செலவும் நாளும் அதிகம். ஆதலால் சில பைல்களின்மேல் மட்டுமே செய்வார்கள். அந்தச் சில பைல்களில் கண்ட உண்மையை மறு அடியின் எண்களோடு ஒப்பிட்டு, மற்றப் பைல்களை அளப்பதற்குரிய அளவுகோலாக மறு அடியை ஆக்கிக்கொள்வார்கள். இங்கும் நாள் முக்கியம். எந்தச் சோதனையின் முடிவை எழுதினாலும், பைல் இறங்கி எத்தனையாவது நாள் என்பதைப் பக்கத்தில் எழுதாவிட்டால் அந்த எண் பாதி உண்மையே.

இவ்வளவு சிரமம் எதற்கு? களிமண்ணில் இறுக்கம் ஏறுவதை அறியாதவர், மாலையில் கண்ட 4 டன்னை நம்பிப் பைலை மேன்மேலும் நீட்டுவார். ஒரு பைலுக்குச் சில அடி வீணானாலும், நூறு பைலுக்கு அது பெருந்தொகை. கட்டடத்தின் பாரமோ ஒரே நாளில் வந்து விழுவதில்லை. தளத்தின்மேல் தளமாக மாதக்கணக்கில் ஏறுகிறது. அதற்குள் மண்ணும் தன் பங்கு வலிமையை ஏற்றிக்கொண்டு வருகிறது. நெருக்கமான நுண்மணலில் நிலைமை வேறு. பாரம் வந்து சேர்வதற்கு முன்பே வலிமை குறைந்துவிடுகிறது. மாலையில் கண்ட 10 டன்னை நம்பியவருக்குக் கிடைப்பது 8 டன்தான். வலிமைக்கும் பாரத்திற்கும் நடுவே வைத்த பாதுகாப்பில் ஒரு பகுதி, ஒருவரும் அறியாமல் செலவாகிவிடுகிறது. முதலாவது தவறு பணத்தோடு போகும். இரண்டாவது தவறு கட்டடம் அமிழ்ந்து விரிசல் காண்பதில் கொண்டுபோய் விடலாம்.

ஆகவே பைல் அடிக்கும் இடத்திற்கு நீங்கள் என்றேனும் செல்ல நேர்ந்தால், இந்தப் பைல் எவ்வளவு தாங்கும் என்று கேட்பதோடு நில்லாமல், அடித்து எத்தனை நாள் ஆயிற்று, நுனி எந்த மண்ணில் நிற்கிறது, மறு அடி போட்டுப் பார்த்தாயிற்றா என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை குறிப்பேட்டில் இருந்தால், அங்கே எழுதியிருக்கும் டன் கணக்கை நம்பலாம்.